முழுசும் குடிச்சான்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை, அடுத்தவர்களின் சீட்டை வாசிப்பது. வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு என்று டாக்டர்கள் கோழி கிளறியதுபோல எழுதி அனுப்புவதைப் படித்து, லென்சைத் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்திக் கொடுப்பாள். பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே இயந்திரம். வருகிறவர்களில் பாதிப் பேர் சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள். "கண்ணாடி இருந்தாத்தான் சீட்டைத் தேட முடியும், சீட்டு இருந்தாத்தான் கண்ணாடி வாங்க முடியும், நான் என்னம்மா பண்றது?" என்று ஒரு பெரியவர் கேட்டது கடையில் இன்றுவரை பேச்சு.

இப்படிப் பார்த்துப் பார்த்தே வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தையும் அவள் தொலைய விட்டதில்லை. வீடு என்றால் அவளும் தம்பியும்தான். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தம்பிக்கு முப்பத்தைந்து வயது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடையில் வேலை. சுற்று எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் மோட்டார் மறுபடி எரியும் என்பதால் அவன் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தெருவில் அவனுக்குக் 'காயில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அவன் தம்பி. அவ்வளவுதான்.

இருபத்தாறாவது வயதில் அவனுக்கு நோய் தொடங்கியது. முதலில் தூக்கம் போனது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். அப்புறம் சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். மனநல மருத்துவர் ஒரு அம்மாள் கிடைத்தார். நல்லவர், பொறுமையானவர். நேரில் போக முடியாத நாட்களில் போனிலேயே கேட்டு, செய்தியிலேயே பதில் சொல்வார். மாத்திரைச் சீட்டு படமாக வரும். ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வுக்கூடத்திலிருந்து கோப்பாக வரும். "இரவு மாத்திரையைப் பாதியாகக் குறையுங்கள்" என்று ஒரு வரி வரும். சில நேரம், காரில் போய்க்கொண்டே பேசிய குரல் பதிவு வரும்.

அதெல்லாம் காலை வணக்கப் படங்களுக்கும் கடைச் செய்திகளுக்கும் நடுவில் கிடந்தால் எப்படித் தேடுவது? தனக்குத் தானே ஒரு குரூப் தொடங்கினாள். தொடங்க இன்னொருவர் வேண்டும் என்பதால் கடை முதலாளியைச் சேர்த்து, அடுத்த நிமிஷமே நீக்கினாள். "ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன், என்னைத் தூக்கிட்ட?" என்று அவர் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். குரூப்புக்கு 'லென்ஸ் அளவு' என்று பெயர் வைத்தாள். அப்படி வைத்தால் யாரும் திறந்து பார்க்கத் தோன்றாது.

டாக்டர் அனுப்பும் ஒவ்வொன்றையும் அதில் போடுவாள். ஒன்றை இங்கிருந்து அங்கே அனுப்பினால் அனுப்பிய நாள்தான் அதில் விழும், டாக்டர் சொன்ன நாள் விழாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் மேலே தானே தேதியைத் தட்டுவாள். சீட்டைப் பகல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய, மடிப்பில்லாமல் படம் எடுப்பாள். படமாக அனுப்பினால் எழுத்து மங்குகிறது என்று கோப்பாக அனுப்பிவைப்பாள். குரல் பதிவில் தேட முடியாது. அதனால் கேட்டு, சாரத்தை நாலு வரியில் எழுதி அடியில் போடுவாள். ஒரு மருந்து நின்றால் எந்த நாளில் நின்றது, ஏன் நின்றது என்று இரண்டும் இருக்கும். 'கை நடுக்கம்.' 'எடை ஆறு கிலோ கூடிவிட்டது.' 'பகலெல்லாம் தூக்கம்.' ஒவ்வொரு முறை டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள், எல்லாவற்றையும் ஒரே தாளில் எடுத்து எழுதுவாள்: இப்போது சாப்பிடுவது என்ன, போன தடவைக்குப் பிறகு மாறியது என்ன, கடைசி ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எவ்வளவு, கேட்க வேண்டிய கேள்வி என்ன.

"உங்களை மாதிரி எல்லாரும் வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்மா," என்பார் டாக்டர்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. கடைசி இரண்டு வருஷம் நிம்மதியாகவே ஓடியது. தம்பி தானே மாத்திரை போட்டான், தானே வேலைக்குப் போனான், பொறியாளர் ஒருவர் எரித்துக் கொண்டுவந்த மோட்டாரைப் பற்றி வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். அப்போதுதான் டாக்டரின் செய்தி வந்தது. மகள் இருக்கும் நாட்டுக்கே போய்விடுகிறாராம். வேறு ஒரு மருத்துவரின் பெயரை எழுதி, "பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்றிருந்தார். புது கிளினிக்கிலிருந்தும் அதே செய்தி வந்தது.

அவளுக்கு அதில் பயமே வரவில்லை. எல்லாம்தான் கையில் இருக்கிறதே.

புது டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கிளினிக் சின்னது. வெளியே பத்து நாற்காலி, எடை பார்க்கும் கருவி, ஒரு மீன் தொட்டி. முறை வந்ததும் வாசலில் இருந்த உதவியாளர் அம்மா, "டாக்டர் முதல்ல பேஷண்ட்டைத் தனியாத்தான் பார்ப்பாரு. நீங்க இருங்க," என்றார். அவள் தாளைத் தம்பி கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. தம்பி தலையை மட்டும் நீட்டினான்.

"அக்கா, போனைக் கொடு. ஆரம்பத்துல எந்தெந்த மருந்து எவ்வளவு நாள் குடுத்தாங்கன்னு கேக்கறாரு. இந்தத் தாள்ல ரெண்டு வருஷந்தான் இருக்கு."

அவள் குரூப்பைத் திறந்து, போனை நீட்டினாள். அவளுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தம்பி சிரித்துக்கொண்டே, "எங்க அக்கா ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி, சார்," என்று உள்ளே திரும்பிச் சொன்னது கேட்டது. கதவு மூடியது.

மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை எடைக் கருவியில் ஏறி இறங்கியது. அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது.

எழுந்து கதவருகே போனாள்.

"உள்ள பேஷண்ட் இருக்காங்கம்மா," என்றார் உதவியாளர்.

"தெரியும். நான் அவன் அக்கா. ஒரு நிமிஷம், போனை மட்டும்..."

"கூப்பிடுவாங்க. உக்காருங்க."

"இல்லங்க, அதுல ஒண்ணு..."

"டாக்டர் கோச்சுக்குவாரும்மா. தப்பா நினைக்காதீங்க. உக்காருங்க."

என்ன சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்வது? அதில் என் தம்பி பார்க்கக் கூடாதது இருக்கிறது என்றா? வந்து உட்கார்ந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு அவன் மாத்திரையை நிறுத்தினான். விஷம் என்றான். டாக்டரிடம் வர மாட்டேன் என்றான். தூங்காமல் வீட்டுக்குள் நடந்தான். மின்விசிறியைக் கழற்றி உள்ளே ஒலிவாங்கி இருக்கிறதா என்று தேடினான். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கதவை இரும்புக் கம்பியால் அடித்தான். போலீசைக் கூப்பிடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். அவள் டாக்டருக்கு எழுதினாள்: 'ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறான். நான் குடுக்குற காபியை மட்டும் குடிக்கிறான். அதுல கலந்து கொடுக்க ஏதாச்சும் இருக்கா?'

ஒரு நாள் முழுக்கப் பதில் வரவில்லை. பிறகு வந்தது. நிறமில்லாத திரவ மருந்து ஒன்று இருக்கிறது, இரண்டு மில்லி, காபியிலோ பாலிலோ கலக்கலாம், டீயில் கலக்கக் கூடாது, மூன்று வாரம் மட்டும். அடியில் தனியாக ஒரு வரி: 'இது சரியான வழி இல்லை, வேறு வழி தெரியாததால் சொல்கிறேன். அவர் தெளிந்ததும் நாம் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.'

எல்லாவற்றையும் குரூப்பில் ஏற்றினாள். ஒவ்வொரு காலையும் பதிவு போட்டாள், ஏனென்றால் டாக்டர் எத்தனை நாள் உள்ளே போயிருக்கிறது என்று கேட்பார். '7.10. முழுசும் குடிச்சான்.' '7.05. முழுசும் குடிச்சான்.' '7.20. பாதி குடிச்சான். கசக்குதுன்னான். சக்கரை கூடப் போட்டேன்.' '7.10. முழுசும் குடிச்சான். நல்லா இருக்குன்னு சொன்னான்.'

மூன்று வாரம் ஐந்தாகி, ஐந்து பதினைந்தானது. அவன் தெளிந்து, தானே டாக்டரிடம் வந்து, தானே மாத்திரைக்குச் சம்மதித்த நாளில் திரவ மருந்து நின்றது. "இப்ப சொல்லிடுங்க. நான் கூட இருக்கேன்," என்றார் டாக்டர். அவன் அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா," என்று அழுதுகொண்டிருந்தான். அப்போது போய் எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த மாதம் அவனுக்கு வேலை கிடைத்தது. வேலையில் நிலைக்கட்டும் என்று விட்டாள். அப்படியே நாலு வருஷம்.

அந்தப் பக்கத்தை அழித்துவிடலாம் என்று நினைத்ததும் உண்டு. எந்த மருந்தில் அவன் தெளிந்தான் என்பது அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? ஆகவே விட்டுவைத்தாள். தேதி வாரியாக, பிசிறில்லாமல்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. தம்பி போனை அவள் மடியில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை.

"உன்னைக் கூப்பிடறாரு," என்றான். வெளியே போய்விட்டான்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்கம்மா. இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்ல. அதனாலதான் அவரால நிறுத்த முடியல. நான் மருந்துப் பேரை எழுதிட்டிருந்தேன், அவர்தான் போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினாரு. ஒரு இடத்துல சத்தம் நின்னுடுச்சு. நிமிர்ந்து பார்த்தா படிச்சிட்டிருக்காரு. நான் கையை நீட்டினேன். குடுக்கல."

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன் சார்."

"தெரியுது. பழைய டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதும் அதுல இருக்கு. அதையும் படிச்சிட்டாரு."

அவள் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். இனிமே அவர் என்கிட்ட பேசறது எதையும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டிருக்காரு. அது அவர் உரிமை. உயிருக்கு ஆபத்துன்னா கூப்பிடுவேன். மத்தபடி மாட்டேன்."

"சார், அவன் மாத்திரை போடறானான்னு யார் பார்க்கறது?"

"இப்போதைக்கு அவர்தான்."

"நான் கவனிச்சதை உங்களுக்கு எழுதலாமா?"

"எழுதலாம். ஆனா நீங்க எழுதினீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடுவேன். இன்னொரு தடவை அவருக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது."

பாம்பென்று அடிக்கவும் முடியாமல், கயிறென்று தாண்டவும் முடியாமல் வெளியே வந்தாள். தம்பி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேருந்து வந்து போயின. ஏறவில்லை.

"நூத்தியாறு," என்றான்.

"என்னது?"

"எண்ணிப் பார்த்தேன். நூத்தியாறு நாள். பாதி குடிச்சது ஒம்பது. கொட்டினது ரெண்டு."

"தம்பி, அன்னிக்கு நீ இருந்த நிலைமையில..."

"எனக்குத் தெரியும் நான் இருந்த நிலைமை. எனக்கு ஞாபகம் இல்லன்னு நினைக்காத. எல்லாரும் என்னை ஏமாத்தறாங்கன்னு தோணுச்சு. அப்ப ஒரே ஒரு ஆளு மட்டும் காலையில எந்திரிச்சு, வேலைக்குப் போற அவசரத்துலயும் எனக்குக் காபி போட்டுக் குடுத்தா. அந்த ஆளு மட்டும் ஏமாத்த மாட்டான்னு நினைச்சேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல ஏறி வந்தேன்." குரலை உயர்த்தவில்லை. மோட்டாரில் எந்தக் கம்பி அறுந்தது என்று சொல்வதைப் போலச் சொன்னான். "காபியில என்னமோ கலக்கறாங்கன்னு ஒரு நாள் உன்கிட்டயே சொன்னேன். ஞாபகம் இருக்கா? அதையும் எழுதி வச்சிருக்க. 'சந்தேகம் ஜாஸ்தியா இருக்கு'ன்னு டாக்டருக்கு அனுப்பியிருக்க."

அவள் அழுதாள். அவன் அடுத்து வந்த பேருந்தில் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. சண்டை போடவில்லை, கதவை அடைக்கவில்லை. "வேணாங்க்கா, நான் பார்த்துக்கறேன்," என்பான், அவ்வளவுதான். பிரிக்காத ரொட்டிப் பொட்டலம், பிஸ்கட், மூடி உடைக்காத தண்ணீர்ப் புட்டி. வாழைப்பழத்தைக்கூடத் தோலில் ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு உரித்தான். அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"இதை எழுதுவியா?" என்று கேட்டான்.

அவளுக்கு அதுதான் தெரியவில்லை. இது நோயா? நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரிதான் ஆரம்பித்தது, இதே ரொட்டிப் பொட்டலம், இதே தண்ணீர்ப் புட்டி. அன்றைக்கு அது பொய்ச் சந்தேகம் என்று அவள் எழுதினாள். இன்றைக்கு அது உண்மை என்று அவள் போட்ட பதிவே சாட்சி சொல்கிறது. கலப்படம் செய்த வீட்டில் சாப்பிட மறுப்பவனைப் பைத்தியம் என்று எந்த முகத்தோடு எழுதுவது? எழுதாமல் விட்டு, நோய் மறுபடி ஏறிவிட்டால்?

மாத்திரை அட்டையை அவன் பைக்குள் வைத்துக்கொண்டான். முன்பெல்லாம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும், எத்தனை மீதம் என்று ஒரு பார்வையில் தெரியும். இப்போது குப்பைக் கூடையில் காலி அட்டை கிடக்கிறதா என்று தேடினாள். தேடும்போது தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் போட்டிருக்கலாம். போடாமலும் இருக்கலாம்.

பழைய டாக்டருக்கு எழுதினாள். நேர வித்தியாசத்தில் மறுநாள் பதில் வந்தது. 'அதில் என் பங்கும் இருக்கிறது. நானே அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பேசுவாரா என்று கேளுங்கள்.' தம்பியிடம் கேட்டாள். "அவங்க சொல்லச் சொன்னாங்க. நீதான் சொல்லல," என்றான். அதோடு அது முடிந்தது.

கடையில் ஒரு நாள் வலது லென்சை இடப்பக்கத்திலும் இடது லென்சை வலப்பக்கத்திலும் பொருத்திவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. "பவர் அக்காவுக்கே பவர் குறைஞ்சிடுச்சா?" என்று முதலாளி கேலி செய்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, தானே உட்கார்ந்து கழற்றி மாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பகலில் தம்பி அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"அந்த குரூப் எனக்கு வேணும்."

"உன்னைச் சேர்க்கட்டுமா?"

"சேர்த்தா பழசு வராது. எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பு. படம், கோப்பு எல்லாத்தோடயும்."

அவன் பக்கத்தில் நிற்க, அவள் செய்தாள். ஒன்பது வருஷம் ஒரே பொட்டலமாகச் சுருங்கி அவன் போனுக்குப் போக இருபது நிமிஷம் ஆனது. திறந்து பார்த்தான். முதல் சீட்டு, கடைசி ரிப்போர்ட், நடுவில் சில. வந்துவிட்டது என்று தலையாட்டினான்.

"இப்ப உன்கிட்ட இருக்கறதை அழி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்தையுமா? நாளைக்கு உன் போன் உடைஞ்சா? தண்ணியில விழுந்தா? தம்பி, அந்த நூத்தியாறு நாளை மட்டும் அழிச்சிடறேன். மத்தது இருக்கட்டும். உனக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு யாராச்சும் திடீர்னு கேட்டா..."

"என்னைக் கேப்பாங்க."

"நீ சொல்ற நிலைமையில இல்லன்னா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவன் முகம் மாறவில்லை.

"அப்பவும் அது என்னோடதுதான்க்கா. நீ எவ்வளவு நல்லா எழுதினாலும் அது என்னோடது. ஒம்பது வருஷம். ஒரு தடவையாச்சும் என்கிட்ட காட்டினியா? லென்ஸ் அளவுன்னு பேரு வச்சிருக்க."

குரூப்பிலிருந்து வெளியேறி அதை அழித்தாள். படங்களையும் சேர்த்து அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

"பேக்கப்?" என்றான்.

அவன் மின்சாரம் தெரிந்தவன், அவனை ஏய்க்க முடியாது. ஏய்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது உண்மை. செட்டிங்ஸுக்குள் போய் இப்போதே பேக்கப் எடு என்பதை அழுத்தினாள். பழைய சேமிப்பின்மேல் புதியது ஏறியது. இரண்டு பேரும் அந்தப் பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய டாக்டரோட சாட்டு?" என்று கேட்டாள். "அதுல அசல் எல்லாம் இருக்கு."

யோசித்தான். "அது நீங்க ரெண்டு பேரும் பேசினது. அதை நான் கேக்க முடியாது." வாசல்வரை போய்த் திரும்பினான். "ஆனா அதுல தேடிக்கிட்டு உக்காராத."

அவன் போன பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் தொலையவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருக்க வேண்டியவன் கையில்தான் இருக்கிறது. ஆனாலும், ஒரு கை சூம்பிப்போனதுபோல இருந்தது.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு அவன் தனியாகப் போனான். என்ன கேட்கப் போகிறான், என்ன காட்டப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. தாள் எழுதித் தரவா என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் தெரிந்தது. அவனே எழுதியிருந்தான்போல.

இரண்டு நாள் கழித்து, கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கோப்பு. 'தங்கள் பரிசோதனை முடிவு இணைக்கப்பட்டுள்ளது.' தம்பியின் பெயர். பதிவில் இன்னும் அவள் எண்தான் இருக்கிறது. கோப்பின் மேல்பகுதி சின்னப் படமாக, எழுத்துத் தெரியாத அளவுக்குத் தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, திறக்காமல் அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்தாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். "எண்ணை மாத்தணும். என் தம்பி எண் தரேன்."

"பேஷண்ட்தான்மா வந்து மாத்தணும். வேற யாரும் மாத்த முடியாது," என்றது அங்கே ஒரு குரல்.

"அப்ப வேற யாருக்கும் அனுப்பாம இருக்கலாம்ல?"

"மேடம், நீங்கதான் எண் குடுத்திருக்கீங்க."

மாலையில் தம்பி வந்தான். கை கால் கழுவினான். கூடத்தில் இரண்டு முறை நடந்தான். பிறகு அவள் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான்.

"திறந்து பார்த்தியா?"

"இல்ல."

"நம்பறதா வேணாமான்னு தெரியல."

"தெரியும். எனக்கும் வேற சொல்லத் தெரியல."

அவன் போகவில்லை. போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஒரு எண்ணுக்குப் பக்கத்துல ஹெச்னு போட்டிருக்கு. அப்படின்னா?"

அவள் கை தானாகப் போனை நோக்கி நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டாள். "கூட இருக்குன்னு அர்த்தம். எதுல கூடன்னு தெரிஞ்சாத்தான் மேல சொல்ல முடியும்."

திரையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு வாசித்தான். "சாப்பிடறதுக்கு முன்னாடி சுகர். நூத்திப் பதினெட்டு."

"கொஞ்சம் கூட. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா டாக்டர்கிட்ட காட்டணும். இந்த மாத்திரை சுகரை ஏத்தும்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்காங்க."

"போன தடவை எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு," என்றாள். உடனே சொல்லிவிட்டாள்.

அவன் தன் போனில் தேடினான். ஒன்பது வருஷப் பொட்டலத்துக்குள் விரல் மேலும் கீழும் போனது. சில நிமிஷம் ஆனது. கண்டுபிடித்தான். "தொண்ணூத்தாறுதான்," என்றான். "அழிச்சேன்னு சொன்ன?"

"போன்ல அழிச்சேன்."

அவன் போனைப் பையில் போட்டான். "டாக்டர்கிட்ட நானே காட்டிக்கறேன்," என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனான். உள்ளே ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள் துணியை மடித்தாள். சர்க்கரை ஏறியிருக்கிறது. மாத்திரையைச் சரியாகப் போடுகிறான் என்றால் ஏறும். அதை நினைத்தபோது ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. உடனே, ஒரு மாதமாக ரொட்டியும் பிஸ்கட்டும் மட்டுமே தின்றுகொண்டிருந்தாலும் ஏறும் என்று தோன்றியது. எதனால் என்று யாரைக் கேட்பது? அவனைக் கேட்க முடியாது. டாக்டர் சொல்ல மாட்டார். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அறைக்குள் அவன் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகினான். புது மூடி உடையும் அந்தச் சின்னச் சத்தம் வந்தது.